‘ஊத்து’ என்று ஒரு சொல்

என் அம்மா வீடியோ அழைப்பில் வந்ததும் என் மகள் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். பாட்டியைப் பிடிக்காமல் அல்ல. அழைப்பு முடிந்ததும் பாட்டி எப்போது மறுபடி வருவாள் என்று அவளே கேட்பாள். அழைப்பு தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் அந்த வாக்கியம் வரும் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் ஒளிந்தாள். “பாட்டிகிட்ட தமிழ்ல ஒண்ணு சொல்லு பார்க்கலாம்!” அம்மா ஆசையாகத்தான் கேட்டார். நானும் பக்கத்தில் நின்று, “சொல்லு கண்ணு, நேத்து சொன்னியே, கை எங்கே? மூக்கு எங்கே?” என்று எடுத்துக் கொடுத்தேன். மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்களை என்னால் பல நாள் மறக்க முடியவில்லை.

எங்கள் வீட்டுப் பொது மொழி என் மனைவியின் மொழி. அவளுக்குத் தமிழ் தெரியாது. குழந்தை பிறந்த புதிதில் நான் தமிழில் பேசினேன், அப்புறம் வேலை, களைப்பு, மூவரும் சேர்ந்து உட்காரும்போது ஒரே மொழியில் பேசிவிடும் சௌகரியம் என்று மெல்ல மெல்ல விட்டுவிட்டேன். மகளுக்கு இரண்டே முக்கால் வயதானபோதுதான் விழித்துக்கொண்டேன். அதற்குள் எனக்கும் அவளுக்கும் இடையே ஒரு மொழி வேர் பிடித்திருந்தது. ஒருநாள் காலை திடீரென்று எல்லாவற்றையும் தமிழில் பேச ஆரம்பித்தபோது அவள் என் வாயைக் கையால் மூடினாள். அவளுக்குத் தெரிந்த அப்பா பேசும் மொழி அது இல்லை. குழந்தையிடம் மொழியை மாற்றுவது என்றால், அவளோடு நமக்கு இருக்கும் பழக்கத்தையே மாற்றுவது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

அடுத்து வீடியோக்களுக்குப் போனேன். பாட்டுப் படங்கள், ஆடும் மிருகங்கள். பத்து நாளில் நான்கு பாட்டை முழுசாகப் பாடினாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பாட்டில் தினமும் ‘யானை’ என்று பாடியவளுக்கு, படப்புத்தகத்தில் நான் “யானை” என்றபோது எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. அவளைப் பொறுத்தவரை அது ஒரு மிருகத்தின் பெயர் இல்லை, ஒரு ராகத்தின் மூன்றாவது துண்டு. குழந்தைகள் பாட்டை இப்படித்தான் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள், சொல் சொல்லாகப் பிரிக்காமல் ஒரே கட்டியாக. அதில் தப்பில்லை. கட்டி உடைய வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பெட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு, மாண்டரின் பேசுகிறவர்கள் நான்கு வாரங்களில் பன்னிரண்டு முறை உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு மாண்டரினின் ஒலி வேறுபாடுகள் பிடிபட்டன. அதே ஆட்களை, அதே பேச்சை, வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் பெற்ற குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அது ஒன்பது மாதக் குழந்தை, ஒலியைப் பற்றிய ஆய்வு. மூன்று வயதுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் என் வீட்டில் நான் பார்த்ததும் கிட்டத்தட்ட அதுதான். திரை அவளுக்காக நிற்பதில்லை, அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

குளியலறை மட்டும்

நாள் முழுவதும் தமிழ் என்ற திட்டத்தைக் கைவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டேன், மாலைக் குளியல். அது என் பொறுப்பு, தினமும் உண்டு, இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும், ஒழுங்கு மாறாது. சட்டையைக் கழற்றுவது, தண்ணீர் சூடு பார்ப்பது, கை, கால், முதுகு, கடைசியில் தலை, அப்புறம் துண்டு. குளியலறைக் கதவைத் தாண்டினால் அப்பா தமிழ், வெளியே வந்தால் வழக்கம்போல. அவள் இதை மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டாள். அப்பா மாறவில்லை, குளியலறைக்கு ஒரு மொழி இருக்கிறது, அவ்வளவுதான்.

தினமும் ஒரே வரிசையில் நடக்கும் காரியத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. அடுத்தது என்ன என்று குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும். பொருளைத் தேடவேண்டிய வேலை இல்லாததால் அவளால் சொல்லைக் கவனிக்க முடிகிறது. உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1970களில் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது தாயும் குழந்தையும் விளையாடும் ஒளிந்து பார்க்கும் விளையாட்டை மாதக்கணக்கில் கவனித்தார். தொடக்கத்தில் எல்லாப் பாகத்தையும் தாயே செய்வாள், மறைப்பது, கேட்பது, திறப்பது, வியப்பது. விளையாட்டு பழகப் பழகக் குழந்தை ஒவ்வொரு பாகமாகத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். குழந்தை எடுக்கத் தயாரானதும் தாய் அந்த இடத்தை விட்டுக்கொடுப்பாள். படித்தபோது அழகாக இருக்கிறது என்று நினைத்துக் கடந்துவிட்டேன். ‘விட்டுக்கொடுப்பது’ என்ற இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

குளியலுக்கு ஒரு பாட்டு கட்டினேன். பாட்டு என்று சொல்வதே அதிகம், நான்கு வரி.

கைய தேய் தேய் தேய்
கால தேய் தேய் தேய்
முதுக தேய் தேய் தேய்
தலையில தண்ணி ஊத்து!

முதலில் இதற்கு ஒரு தாலாட்டு மெட்டைப் போட்டேன், தூக்கத்துக்கு முன் குளியல்தானே என்று. ஒரு வாரத்தில் அவள் ‘மூதூகு’ என்று சொல்ல ஆரம்பித்தாள். அவள் மேல் பிழை இல்லை, என் மெட்டு அந்தக் குறில்களை எல்லாம் இழுத்து நெடிலாக்கியிருந்தது. தமிழில் கல் வேறு, கால் வேறு. படம் வேறு, பாடம் வேறு. நமக்கு அளவே பொருள். மெல்லிய ராகம் அந்த அளவைத்தான் முதலில் அழிக்கிறது. மெட்டை விட்டுவிட்டு, தொடையில் தட்டிச் சொல்லும் தாளமாக மாற்றினேன். பேசும்போது எவ்வளவு நேரம் ஒலிக்குமோ அவ்வளவு நேரமே பாட்டிலும். நான்கைந்து நாளில் முதுகு முதுகானது. குழந்தைக்குப் பாட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒருமுறை பாட்டில்லாமல் அதே வரியைப் பேசிப் பாருங்கள். இரண்டும் மிகவும் விலகியிருந்தால் அது கேட்டு மகிழ நல்ல பாட்டாக இருக்கலாம், சொல் பழக நல்ல பாட்டு இல்லை.

தண்ணீர் சூடாகக் காத்திருந்த மாலை

ஆறு வாரம் இப்படிப் போனது. அவள் எல்லாம் புரிந்துகொண்டாள். “கையக் காட்டு” என்றால் காட்டினாள், “திரும்பு” என்றால் திரும்பினாள். வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் வரவில்லை. நான் கேட்காமல் இருந்ததும் இல்லை. சோப்பைத் தூக்கி “இது என்ன?” என்பேன். காலைத் தொட்டு “இதுக்கு என்ன பேர்?” என்பேன். அவள் தன் மொழியில் பதில் சொல்வாள், அல்லது தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

ஒரு மாலை நான் மிகவும் சோர்ந்திருந்தேன். நான்காவது வரிக்கு வந்து, “தலையில தண்ணி...” என்று சொல்லி மக்கைக் குழாயடியில் பிடித்தேன். தண்ணீர் சூடாக வரவில்லை. கையை நீட்டி, சூடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பாட்டு பாதியில் நின்றது. அவள் தலையைக் குனிந்து, கண்ணை இறுக மூடி, இரண்டு தோளையும் தூக்கிக்கொண்டு தண்ணீருக்காகக் காத்திருந்தாள். தண்ணீர் வரவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். மறுபடி மூடினாள். அப்புறம் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல், கொஞ்சம் பொறுமையிழந்த குரலில் சொன்னாள்.

“ஊத்து!”

நான் ஊற்றினேன். சூடு சரியாக இருந்ததா என்றுகூட நினைவில்லை.

அடுத்து நான் செய்ததைத்தான் இங்கே முக்கியமாக எழுத வேண்டும். சந்தோஷத்தில் கத்தினேன். “ஊத்துன்னு சொன்னியா! இன்னொரு தரம் சொல்லு!” துண்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு மனைவியிடம் ஓடி, “அம்மாகிட்ட சொல்லு, என்ன சொன்னே?” என்றேன். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அடுத்த நான்கு நாள் குளியலில் அவளிடமிருந்து சத்தமே இல்லை. நான் வேண்டுமென்றே பாட்டை நிறுத்தி, முகத்தையே ஆவலோடு பார்த்தேன். அவள் கையால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள்.

நான்காம் நாள் இரவுதான் எனக்குப் புரிந்தது. “ஊத்து” என்று அவள் சொன்னது தமிழ் பேசுவதற்காக இல்லை. தலையில் தண்ணீர் வேண்டியிருந்தது, அதற்குச் சொன்னாள். நான் அந்தச் சொல்லை அவள் கையிலிருந்து பிடுங்கி, எல்லோருக்கும் காட்டும் பொருளாக ஆக்கிவிட்டேன். அழுத்தம் என்றால் திட்டுவது, கட்டாயப்படுத்துவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். நான் ஒருநாளும் குரலை உயர்த்தவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் “இது என்ன?” என்ற கேள்வியும், கைதட்டிய என் பாராட்டும் ஒரே வேலையைத்தான் செய்தன. அது சோப்பு என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பதில் தெரிந்தவன் கேட்கும் கேள்வி பரீட்சைதான், எவ்வளவு செல்லமாகக் கேட்டாலும்.

அதற்கப்புறம் எனக்கு நானே சில கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். பாட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் நிறுத்துவது, அதுவும் அடுத்து ஏதோ நல்லது நடக்கப்போகும் இடத்தில். வரிக்கு வரி நிறுத்தினால் பாட்டு செத்துவிடும், குழந்தைக்கு அது கேள்வித்தாள் ஆகிவிடும். நிறுத்தினால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுவேன், முகத்தை அல்ல, மக்கைப் பார்த்தபடி. சொன்னால் உடனே ஊற்றுவேன், அதுதான் பதில், வேறு பாராட்டு கிடையாது. சொல்லவில்லை என்றால் ஐந்து முடிந்ததும் நானே “ஊத்து!” என்று சொல்லி அதே உற்சாகத்தோடு ஊற்றுவேன். சொல்லாததற்காகத் தண்ணீர் தாமதமாகக் கூடாது. எட்டாவது நாள் மறுபடி சொன்னாள். நான் ஊற்றினேன், ஒன்றும் நடக்காததுபோல இருந்தேன். மூச்சை அடக்குவதுபோல இருந்தது அது. அந்த வாரக் கடைசியில் பாட்டே இல்லாமல், நான் சோப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, “அப்பா, தண்ணி ஊத்து” என்றாள். கட்டி உடைந்துவிட்டது என்று அப்போது தெரிந்தது. பாட்டுக்கு வெளியே, வேறு நேரத்தில், தன் தேவைக்கு ஒரு சொல் வந்தால் அது அவளுடைய சொல் ஆகிவிட்டது. பாட்டுக்குள் எத்தனை முறை சரியாகச் சொன்னாலும் அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

“ஊத்து” நன்றாகக் காலூன்றியதும் நிறுத்தும் இடத்தை ஒரு வரி முன்னால் நகர்த்தினேன், முதுகுக்கு. அவளாக அடுத்துப் பிடித்த சொற்கள் எவை என்று பார்த்தால், சோப்பும் இல்லை, மூக்கும் இல்லை. வேண்டாம், போதும், இன்னும், விடு, நானே. எதையாவது நடக்கவைக்கும் அல்லது நிறுத்தும் சொற்கள். பொருள்களின் பெயரை அடுக்கிக்கொண்டு ஆறு வாரத்தை நான் வீணாக்கியிருந்தேன். “வேண்டாம்” என்று அவள் சொன்ன முதல் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை நான் உண்மையாகவே நிறுத்தினேன். அன்று தலை அழுக்காகவே தூங்கினாள். சொன்னால் நடக்கும் என்று ஒருமுறையாவது அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன், இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன்.

பாட்டு தராதது

ஒருநாள் பொம்மையின் காலைத் தொட்டு, “இங்க கால இருக்கு” என்றாள். எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. பாட்டில் அவள் கேட்டதெல்லாம் ‘கைய’, ‘கால’, ‘முதுக’. தேய்க்கும் செயலுக்கு ஏற்ப வேற்றுமை உருபு ஒட்டிய வடிவம். ‘கால்’ என்று தனியாக அவள் கேட்டதே அபூர்வம். அவளுக்கு அந்த உறுப்பின் பெயரே ‘கால’தான். திருத்தவில்லை. “ஆமா, இங்க கால் இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு, துண்டுக்குள் ஒரு விளையாட்டு தொடங்கினேன். குளித்து முடித்ததும் முழுசாகப் போர்த்திவிட்டு, “கால் எங்கே... கால் வந்தாச்சு! கை எங்கே... கை வந்தாச்சு!” பாட்டு ஒரு வடிவத்தைக் கொடுக்கிறது, விளையாட்டு இன்னொன்றை. ஒரே சொல் இரண்டு மூன்று காரியங்களில் இரண்டு மூன்று முகத்தோடு வந்தால்தான் குழந்தை நடுவிலுள்ள வேரைப் பிரித்தெடுக்கும். ஒரு மாதத்தில் ‘கால’ போய் ‘கால்’ வந்தது. எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது.

தப்பாகச் செய்யும் விளையாட்டும் அப்போதுதான் வந்தது. சாக்ஸை எடுத்து அவள் கையில் மாட்டுவேன், “காலுக்கு சாக்ஸ் போட்டாச்சு” என்று முகம் மாறாமல் சொல்வேன். அவள் துள்ளுவாள். “இல்ல! கை!” இதே சொல்லை வாங்கத்தான் முன்பு “இது என்ன?” என்று நூறு தடவை கேட்டிருந்தேன். தப்பு அப்பாவிடம் இருக்கும்போது அவள் திருத்துகிறவள், அந்த இடத்தில் நிற்க எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும். ஒரு எச்சரிக்கை உண்டு. குழந்தைக்குச் சொல் முன்பே புரிந்திருந்தால்தான் இது விளையாட்டு. புதுச் சொல்லில் தப்புச் செய்தால் தப்பையே கற்றுக்கொள்வாள்.

அவள் தன் மொழியில் பதில் சொன்னால் என்ன செய்வது என்று நிறைய யோசித்தேன். “எனக்குப் புரியலை, தமிழ்ல சொல்லு” என்று நடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். என்னால் முடியவில்லை. அவள் அம்மாவிடம் நான் அந்த மொழியில் பேசுவதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறாள், நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்கு உடனே தெரியும். அவள் சொன்னதை நான் தமிழில் சொல்லிக்கொண்டு பேச்சை நகர்த்துவேன். தண்ணீர் குளிர்கிறது என்று அவள் தன் மொழியில் சொன்னால், “குளிருதா? சரி, சூடு வைக்கிறேன்” என்பேன். திருப்பிச் சொல் என்று கேட்பதில்லை. இது மெதுவான வழிதான். ஆனால் பேச்சு எங்கும் நிற்பதில்லை.

குளியலறைத் தமிழுக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் பார்த்தேன். நான் அவளிடம் பேசியதெல்லாம் ஏவல். காட்டு, திரும்பு, உட்கார், விடு. அவளும் ஏவினாள். எல்லோரையும், எல்லாவற்றையும். நேற்று நடந்ததைச் சொல்ல அவளிடம் ஒரு வினைமுற்று இல்லை. வாங்க, உட்காருங்க என்று ஒரு மரியாதைச் சொல்லும் இல்லை, அவளுக்கு அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லையே. அதனால் இரண்டு விஷயம் சேர்த்தேன். துண்டில் சுற்றி மடியில் வைத்திருக்கும் இரண்டு நிமிடம், நடந்ததை நானே வரிசையாகச் சொல்வேன். “முதல்ல சட்டைய கழட்டினோம். அப்புறம் தண்ணி ஊத்தினோம். சோப்பு கீழ விழுந்துது. நீ சிரிச்சே.” கேள்வி எதுவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, “சோப்பு கீழ...” என்று நான் இழுத்தபோது “விழுந்துது” என்று முடித்தாள். மரியாதைக்கு ஒரு பொம்மை விருந்தாளி வந்தார். குளியலறைக் கதவைத் தட்டுவார், நான் “வாங்க வாங்க, உட்காருங்க” என்று வரவேற்று அவருக்கும் முதுகு தேய்ப்பேன். இருந்தாலும் நாளுக்கு இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு முழு மொழி வராது. கதை கேட்க, சண்டை போட, காரணம் சொல்லத் தேவையான தமிழ் குளியலறையில் இல்லை. இப்போது படுக்கும் நேரத்தையும் மெல்லச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரே புத்தகத்தை வாரம் முழுக்க.

அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். “எதுவும் கேட்காதேம்மா. அவளைச் சொல்லச் சொல்லாதே. பொம்மையக் குளிப்பாட்டு, நாங்க பார்க்கிறோம்.” அம்மாவுக்கு வருத்தம்தான். “பேத்திகிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதாடா?” என்றார். திரைதானே, இதுவும் வீடியோ போலத்தானே என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயதைக் கடந்த குழந்தைகள் வீடியோ அழைப்பில் தங்களுக்குப் பதில் தந்து பேசிய ஒருவரிடம் புது வினைச்சொற்களைக் கற்றார்கள், பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. அழைப்பில் இருப்பவரால் நிறுத்த முடியும், காத்திருக்க முடியும், தப்புச் செய்ய முடியும்.

அடுத்த அழைப்பில் மகள் வழக்கம்போல மேஜைக்கு அடியில் போனாள். அம்மா அவளைக் கூப்பிடவே இல்லை. ஒரு பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த தாளத்தில் தட்டி, பொம்மையின் பாதத்தைத் துணியால் துடைத்தபடி, “கைய தேய் தேய் தேய்” என்று பாடினார். மேஜைக்கு அடியில் ஒரு அசைவு. அம்மா மறுபடியும் பாதத்தையே துடைத்தார். “கைய தேய் தேய் தேய்...”

மேஜை விரிப்பு விலகியது. அவள் தவழ்ந்து வந்து, போனுக்கு மிக அருகில் முகத்தை வைத்தாள். அம்மாவுக்கு அவள் நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

“இல்ல பாட்டி! கால்! நீ கால தேய்ங்க!”

அம்மா ‘நீ’யையும் ‘ங்க’வையும் கவனித்தாரா தெரியவில்லை. “அடடா, காலா?” என்று சொல்லிவிட்டுக் காலைத் தேய்க்க ஆரம்பித்தார்.